மலிவு விலை "லெதர்" ஷூ சில மாதத்திலேயே ஏன் உரிகிறது? வாங்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி?

புது ஷூ வாங்கி நாலு மாசம்கூட ஆகியிருக்காது. விரல்கள் மடியும் இடத்தில் முதலில் மெல்லிய கோடு விழும், அப்புறம் சின்ன வெடிப்பு, அதற்கப்புறம் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிடும். இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "பாலிஷே போடலையா?" "மழையில போட்டுட்டுப் போயிருப்பே." "மட்டமான தோலைப் போட்டு ஏமாத்திட்டான்." இதில் மூன்றாவதைத்தான் அதிகம் கேட்கிறோம். தவறானதும் அதுதான். ஏனென்றால், உரிந்து விழுவது மட்டமான தோலும் இல்லை, நல்ல தோலும் இல்லை. அது தோலே இல்லை.

தோல் காய்ந்தால் விறைக்கும். கவனிக்காமல் விட்டால் வெடிக்கும். தொடர்ந்து ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஒரு மெல்லிய தாள் மாதிரி மேலிருந்து கழன்று வராது. கழன்று வருகிறது என்றால், அங்கே எதன் மேலோ ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்தப் படலம் எதன் மேல் இருக்கிறது, அது ஏன் பிய்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், கடையில் ஷூவைக் கையில் எடுத்த ஒரு நிமிடத்தில் அதன் வகையைச் சொல்லிவிடலாம்.

## தோல் ஏன் தாளாக உரிவதில்லை

மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ, அதன் உடம்பு முழுக்க கொலாஜன் என்ற புரத நார்கள்தான். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். அடிப்பகுதியில் அந்த நார்கள் தடிமனாக இருக்கும். மேலே போகப் போக மெலிந்து நெருங்கி, கடைசியில் மயிர்த்துளைகள் உள்ள வழவழப்பான மேற்பரப்பாக முடியும். இந்த மேற்பரப்புப் பகுதியைத் தொழிலில் கிரெயின் என்பார்கள். கிரெயினுக்கும் அதற்குக் கீழே இருக்கும் பகுதிக்கும் நடுவில் பசை கிடையாது. கீழே தடித்திருக்கும் நார்களே மேலே மெலிந்து வந்து அதை உண்டாக்குகின்றன. அதனால்தான் ஆயிரம் முறை மடித்தாலும் மேற்பரப்பு தனியாகக் கழன்றுகொள்வதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் நடப்பது, இந்த நார் வலை அழுகாமலும் விறைக்காமலும் இருக்கும்படி குரோமிய உப்பாலோ மரப்பட்டைச் சாறாலோ பதப்படுத்துவது. பெரிய மாட்டுத் தோல் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஷூவின் மேற்பகுதிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். எனவே தோலைக் கிடைவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். மேல் பாதியில் கிரெயின் இருக்கும், விலையும் அதற்குத்தான். கீழ்ப் பாதியை ஸ்பிளிட் என்பார்கள். அதற்கு இயற்கையான மேற்பரப்பு கிடையாது, இரண்டு பக்கமும் நார் நாராகத்தான் இருக்கும். அப்படியே தேய்த்து மென்மையாக்கினால் வெல்வெட் மாதிரி இருக்கும் ஸ்வேட் ஆகும். வழவழப்பாகக் காட்ட வேண்டுமென்றால் அதன் மேல் எதையாவது பூசியோ ஒட்டியோ ஆக வேண்டும்.

பிரச்சினை ஆரம்பிப்பது இந்த "ஒட்டுவதில்" இருந்துதான்.

## சன்மைக்கா அலமாரியை வைத்துப் புரிந்துகொள்வோம்

சமையலறை அலமாரியைப் பாருங்கள். தேக்குப் பலகையில் செய்து வார்னிஷ் அடித்தது ஒரு வகை. சாதா மரத்தின் மேல் சன்மைக்கா ஒட்டியது இன்னொரு வகை. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த பலகையின் மேல் சன்மைக்கா ஒட்டியது மூன்றாவது. தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் தேக்கு மாதிரியே தெரியும். ஐப்பசி மழை ரெண்டு தடவை வந்துபோன பிறகுதான், சிங்க் பக்கத்து ஓரத்தில் சன்மைக்கா தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும்.

ஷூவிலும் இதே கணக்குதான். கிரெயின் இருக்கும் தோலின் மேல் மெல்லிய சாயப்பூச்சு கொடுத்தது தேக்குப் பலகை. ஸ்பிளிட்டின் மேல் கனமான பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, மரத்தின் மேல் சன்மைக்கா. இதற்குப் பூச்சுத் தோல், அதாவது கோட்டட் லெதர் என்று பெயர். தோல் தூளையும் நாரையும் பசையில் சேர்த்துத் தகடாக்கி அதன் மேல் படலம் ஒட்டியது, மரத்தூள் பலகை. இது பாண்டட் லெதர்.

ஆனால் மலிவு ஷூக்களில் மிக அதிகமாக இருப்பது இந்த மூன்றும் இல்லை. துணியின் மேல் படலம் ஒட்டிய நான்காவது வகைதான். பழைய பேச்சு வழக்கில் ரெக்சின் என்போம். இன்று கடைகளில் பி.யூ. லெதர், சிந்தெடிக் லெதர், ஃபாக்ஸ் லெதர், வீகன் லெதர் என்று பல பெயரில் வருகிறது. இதில் பிளாஸ்டிக்கும் துணியும் மட்டும்தான், தோல் துளிகூட இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தோலின் மேற்பரப்பு அதன் உடம்போடு சேர்ந்தது, அதனால் உரியாது. மற்ற மூன்று வகைகளிலும் மேற்பரப்பு தனியாகச் செய்து ஒட்டப்பட்டது. உரிவது எப்போதும் அந்த ஒட்டப்பட்ட பகுதிதான்.

## உரிந்த ஷூ ஒன்றை அறுத்துப் பார்த்தபோது

என் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இணையத்தில் ஒரு கறுப்பு ஃபார்மல் ஷூ வாங்கினான். "லெதர் லுக்" என்று போட்டிருந்ததில் "லுக்" அவன் கண்ணில் படவில்லை. ஐந்தாவது மாதம் உரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போடப் போனவனிடமிருந்து அதை வாங்கி, பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தோம்.

வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. மேலே கறுப்பாக, தலைமுடி கனத்தில் ஒரு படலம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய நுரை, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் குமிழிகள் தெரியும். அதற்கும் கீழே பனியன் மாதிரி பின்னிய பாலியஸ்டர் துணி. துணியை இரண்டு கையாலும் இழுத்தால் நன்றாகவே இழுபட்டது, கிழியவில்லை. மேலே இருந்த கறுப்புப் படலம் மட்டும் இழுத்த இழுப்பில் கோடு கோடாக வெடித்தது. நகத்தால் சுரண்டியதும் செதிலோடு நுரையும் பொடியாக வந்தது.

இந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். பலரும் நினைப்பது போல மேல்படலம் தேய்ந்து ஓட்டையாகவில்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்த நுரைதான் முதலில் பொடியாகிவிட்டது. பிடிமானம் போன படலம் மடியும் இடத்தில் வெடித்துக் கழன்றிருக்கிறது.

அதே ஷூவில் முன்மூக்கு புத்தம் புதிதாகப் பளபளத்தது. அங்கே மடிப்பு இல்லை, உள்ளே விறைப்பான அட்டை வேறு வைத்திருப்பார்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. அப்புறம் குதிகால் உரசும் உள்பக்க லைனிங்கும் கறுப்புத் துகளாக உதிர்ந்து காலுறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூ உரிகிறவர்களில் பலர் வெளியே பார்ப்பதற்கு முன்பே காலுறையில் இந்தத் துகளைப் பார்த்திருப்பார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவானது வியர்வை, சூடு, அசைவு மூன்றும்தான்.

## தண்ணீர் பிளாஸ்டிக்கை வெட்டுகிறது

அந்தப் படலமும் நுரையும் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். பி.யூ. என்பது அதன் சுருக்கம். இதன் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியில் வளைந்து கொடுக்கும் பகுதியை எதிலிருந்து செய்கிறார்கள் என்பதில்தான் ஷூவின் ஆயுள் இருக்கிறது.

விலை குறைந்த பி.யூ.வில் அந்தப் பகுதி பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதில் எஸ்டர் என்ற இணைப்பு வரிசையாக இருக்கும். எஸ்டர் இணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு: தண்ணீர் மூலக்கூறு உள்ளே நுழைந்தால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். இப்படித் தண்ணீரால் அறுபடுவதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். அறுந்த இரண்டு முனைகளில் ஒன்றில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டாகிறது. அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் அடுத்த எஸ்டர் இணைப்பு இன்னும் சீக்கிரம் அறுபடத் துணைபோகிறது. அதனால்தான் பல மாதம் எதுவுமே தெரியாமல் இருந்துவிட்டு, ஆரம்பித்த பிறகு ரெண்டே வாரத்தில் ஷூ முழுக்கப் பரவுகிறது. வெளியே தெரியாத காலத்திலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

சூடு சேர்ந்தால் இந்த வேகம் கூடும். ஷூவுக்குள் என்ன நிலைமை என்று யோசியுங்கள். உடம்பின் வெப்பம், நாள் முழுக்க வியர்வை, காற்றோட்டம் கிடையாது. வியர்வையின் ஆவி உள்ளிருந்து துணியைத் தாண்டி வந்து, நேராக அந்த நுரையில் போய் நிற்கிறது. நுரையில் குமிழிகள் அதிகம், அதனால் தண்ணீர் படும் பரப்பும் அதிகம். மேல்படலம் ஆவியை எளிதில் வெளியே விடுவதில்லை. வெளியே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர் என்றால் காற்றிலும் எப்போதும் ஈரம். வறண்ட ஊரில் ரெண்டு வருஷம் ஓடும் ஷூ இங்கே ஒரு மழைக்காலத்தில் போய்விடலாம். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். 70 டிகிரி சூடும் 95 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் துண்டுகளை வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ஒரு சோதனையே தொழிலில் இருக்கிறது. ஜங்கிள் டெஸ்ட் என்பார்கள். மலிவுப் பொருள் அதில் முதல் சில வாரத்திலேயே தோற்றுவிடும்.

தண்ணீர் பலவீனமாக்குகிறது என்றால், உடைத்துப் போடுவது நடை. ஒருவர் ஒரு நாளைக்கு 6,000 அடி எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷூவும் 3,000 முறை மடியும். மாதம் 25 நாள் போட்டால் 75,000 முறை. நாலு மாதத்தில் 3 லட்சம் முறை, அதுவும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில். சங்கிலி முழுசாக இருக்கும் புதுப் படலம் இதைத் தாங்கும். பாதி அறுந்த சங்கிலிகளோடு இருக்கும் படலம் தாங்காது.

எல்லா பி.யூ.வும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலியீதர் வகையில் எஸ்டர் இணைப்பு கிடையாது, தண்ணீரை நன்றாகவே தாங்கும். பாலிகார்பனேட் வகை ஈரத்தோடு தேய்மானத்தையும் தாங்கும். கார் இருக்கை, நல்ல விளையாட்டுக் காலணி போன்றவற்றில் இந்த வகைகள் வருடக்கணக்கில் உழைக்கின்றன. தோல் வேண்டாம் என்று கொள்கையாகவே முடிவெடுத்தவர்களுக்கும் நல்ல பொருள் கிடைக்கிறது. ஆனால் அந்த மூலப்பொருள் விலை அதிகம், சில நூறு ரூபாய் ஷூவில் அதை எதிர்பார்க்க முடியாது.

பழைய ரெக்சினில் இருந்த பி.வி.சி. வேறு விதமாகக் கெடும். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வளைவதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலப்பார்கள். காலப்போக்கில் அது வெளியே கசிந்து போய்விடும். அப்புறம் பொருள் விறைத்து, மடிப்பில் ஒரே நீளக் கோடாகப் பிளக்கும். பொடியாக உதிர்ந்தால் பி.யூ., விறைத்துப் பிளந்தால் பி.வி.சி. என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

## "ரெண்டே தடவைதான் போட்டேன், அப்படியே உரிஞ்சிடுச்சு"

கல்யாணத்துக்கு வாங்கி, போட்டுவிட்டு, பத்திரமாக பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்த ஷூ மூன்று வருஷம் கழித்து எடுத்ததும் கையோடு உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் நம்பவே மாட்டார். ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை.

நீராற்பகுப்புக்கு நடை தேவையில்லை, ஈரக்காற்று போதும். பெட்டிக்குள் இருந்தாலும் சங்கிலிகள் அறுந்துகொண்டேதான் இருக்கும். மடிப்பு இல்லாததால் வெளியே தெரியாது. மூன்று வருஷம் கழித்து முதல் அடி வைக்கும்போது, அதுவரை சேர்ந்த பலவீனம் மொத்தமும் ஒரே நாளில் வெளிப்படுகிறது. பாலித்தீன் பை இதற்கு உதவுவதும் இல்லை. உள்ளே இருந்த வியர்வை ஈரத்தை அது அங்கேயே பூட்டி வைக்கிறது. இப்படிக் கெட ஆரம்பித்த பொருள் உதிர்வதற்கு முன் சில நேரம் கையில் பிசுபிசுப்பாக ஒட்டும். பழைய ஷூவையோ பையையோ எடுக்கும்போது பிசுபிசுத்தால், அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் இடத்திலும் இதுதான் நடக்கிறது. தள்ளுபடிக் குவியலில் கிடக்கும் ஷூ எத்தனை மழைக்காலத்தைக் கிடங்கில் பார்த்ததோ தெரியாது. பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மலிவு சிந்தெடிக் ஷூ வாங்கினால் விலைக்கு முன் அதைப் பாருங்கள்.

சுருக்கமாக: ஈரமும் சூடும் பிளாஸ்டிக்கின் சங்கிலியை அறுக்கின்றன. நடை அதை உடைத்துக் காட்டுகிறது. போடாமல் வைத்தால் ஆயுள் கூடாது.

## பாண்டட் லெதர்: தோல் இருக்கிறது, ஆனால் நார் வலை இல்லை

தோலைச் சீரான தடிமனுக்குக் கொண்டுவர இயந்திரத்தில் சீவும்போது மூட்டை மூட்டையாகச் சீவல் விழும். ஷூ வெட்டும் இடத்தில் துண்டும் துணுக்குமாகக் கழிவு சேரும். இவற்றை அரைத்து, லேட்டெக்ஸ் போன்ற பசையோடு கலந்து தகடாக அழுத்துவதுதான் பாண்டட் லெதர். கழிவைப் பயன்படுத்துவது நல்ல விஷயம்தான். சிக்கல் வேறு. அரைக்கும்போதே அந்த நீளமான நார் வலை அறுந்துபோகிறது. மிச்சமிருப்பது குட்டை நார்கள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே. மடிக்க மடிக்கப் பசை விட்டுப்போகும்.

இதனால் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோல் அட்டை, குதிகாலுக்குள் வைக்கும் விறைப்பு அட்டை போன்ற மடிப்பு குறைந்த இடங்களில் பாண்டட் நன்றாகவே வேலை செய்யும். நல்ல ஷூவில்கூட இருக்கும், குறை சொல்ல முடியாது. மேற்பகுதிக்குப் போட்டால்தான் தொல்லை. இதை அதிகம் ஏமாந்து வாங்குவது பெல்ட்டில். துளை போட்ட இடத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்து, நடுவே பழுப்பு அட்டை மாதிரி ஒன்று தெரிந்தால் அது பாண்டட். ஷூவோடு "காம்போ"வாக வரும் பெல்ட்டை ஒரு தடவை திருப்பி விளிம்பைப் பாருங்கள். அந்தக் கடையின் "லெதர்" எப்படிப்பட்டது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

## கடையில் பார்க்க வேண்டியது விளிம்பைத்தான்

மேற்பரப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மயிர்த்துளை, சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அச்சிட முடியும். அச்சிட முடியாதது வெட்டிய விளிம்பு.

ஆனால் ஷூவில் விளிம்பு எளிதில் கிடைக்காது. வெளியே தெரியும் ஓரங்களை மடித்துத் தைத்திருப்பார்கள், அல்லது கறுப்புச் சாயம் தடவியிருப்பார்கள். எனவே மடிக்காத இடத்தைத் தேட வேண்டும். லேஸ் உள்ள ஷூவில் முதலில் லேஸைத் தளர்த்தி, அதற்குக் கீழே இருக்கும் ஷூவின் நாக்கை வெளியே இழுங்கள். நாக்கின் ஓரத்தைப் பெரும்பாலும் மடிக்காமல் வெட்டித்தான் விட்டிருப்பார்கள். அதன் பக்கவாட்டில் கண்ணை வையுங்கள். ஒரே பொருள் மேலிருந்து கீழ் வரை நார் நாராகப் போனால் தோல். ஓரத்தில் நூலிழைகள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, துணிப் பின்னல் தெரிந்தாலோ துணியின் மேல் படலம். நார் நாராக இருந்து, மேலே மட்டும் கோடு போட்ட மாதிரி தனியாக ஒரு பிளாஸ்டிக் அடுக்கு தெரிந்தால், அது பூச்சு ஸ்பிளிட். நார் இல்லாமல் அட்டை மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்தால் பாண்டட்.

நாக்கில் தெரியவில்லையென்றால் லேஸ் கோர்க்கும் துளைகளைப் பாருங்கள். உலோக வளையம் போடாத துளை என்றால் உள்சுவரில் அடுக்குகள் தெரியும். லேஸ் இல்லாத ஷூவில் உள்ளே கையை விட்டு இன்சோலின் மேலுறையைத் தூக்கிப் பார்த்தால், மேற்பகுதியின் பின்பக்கம் சில இடத்தில் கண்ணில் படும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நாக்குக்குத் தோலும் மற்ற இடத்துக்கு பி.யூ.வும் போடுவது உண்டு, தலைகீழாகவும் உண்டு. அதனால் மடியும் இடத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனை கட்டைவிரல் சோதனை. விரல்கள் மடியும் இடத்தில் வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். கிரெயின் தோலில் அழுத்திய இடத்தைச் சுற்றி ஒழுங்கில்லாத நுண்ணிய சுருக்கங்கள் பரவும், எடுத்ததும் மறையும். கனமான படலத்தில் அந்த நுண்சுருக்கம் வராது, மொத்தமாகக் குழிந்து மொத்தமாக மேலே வரும். கூடவே இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்து மேற்பரப்பின் வடிவத்தை ஒப்பிடுங்கள். தோலில் ஒரு ஓரத்தில் துளைகள் நெருக்கமாகவும் இன்னொரு ஓரத்தில் தள்ளித் தள்ளியும் இருக்கும். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் இருந்தால் அச்சு. நல்ல தோலையும் சிலசமயம் தழும்பு மறைய மேலே தேய்த்து அச்சிடுவது உண்டு. எனவே ஒரே சீரான வடிவம் என்பது சந்தேகப்படக் காரணம்தான், முடிவு சொல்வது விளிம்பு.

விலையும் ஒரு சாட்சிதான். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. ஆண்கள் ஷூ ஒரு ஜோடியின் மேற்பகுதிக்குச் சுமார் 2 முதல் 3 சதுர அடி வேண்டும். தோலில் தழும்பு, பூச்சிக்கடி, நரம்புத் தடம் எல்லாம் இருக்கும். வெட்டுபவர் ஒவ்வொரு தோலாக விரித்து, அதையெல்லாம் ஒதுக்கி அச்சை வைத்து வெட்டுகிறார். பி.யூ. சுருளாக வருகிறது. பத்துப் பதினைந்து அடுக்கைப் போட்டு ஒரே வெட்டில் எடுத்துவிடலாம், ஒதுக்க வேண்டிய தழும்பே கிடையாது. பொருள் விலையிலும் கூலியிலும் வரும் இந்த வித்தியாசத்தை எந்தத் தள்ளுபடியும் மூட முடியாது.

## நம்ப முடியாத சோதனைகள்

தண்ணீர்த் துளி சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது: உறிஞ்சினால் தோல், வழிந்தால் பிளாஸ்டிக். ஷூவுக்கு இது சரிவராது. பாலிஷ் செய்து முடித்த நல்ல தோலிலும் தண்ணீர் வழிந்துதான் ஓடும். வாசனையும் அப்படித்தான். தோல் வாசனையைத் தனியாகத் தெளிக்கிறார்கள். பாண்டட்டிலோ உண்மையான தோல் தூள் இருப்பதால் உண்மையான வாசனையே வரும்.

நெருப்பில் காட்டும் சோதனையைக் கடையில் செய்ய விட மாட்டார்கள், வீட்டில் செய்தால் ஷூ போய்விடும். அதோடு பூச்சு ஸ்பிளிட்டை எரித்தால் முடி கருகும் வாசனை வரும், ஏனென்றால் கீழே இருப்பது தோல்தான். நாளைக்கு உரியப்போகும் அந்தப் படலத்தைப் பற்றி நெருப்பு ஒன்றும் சொல்லாது. "ஜென்யூன் லெதர்" முத்திரைக்கும் இதே குறைதான். ஸ்பிளிட்டும் உண்மையான தோல்தான், அந்த வகையில் முத்திரை பொய் சொல்லவில்லை. மேற்பரப்பு கிரெயினா, ஒட்டிய படலமா என்பதை மட்டும் அது சொல்லாது. "ஃபுல் கிரெயின்" அல்லது "டாப் கிரெயின்" என்று தனியாகச் சொல்லியிருந்தால்தான் மேற்பரப்பைப் பற்றிய தகவல் கிடைக்கிறது.

## படக்குறி ஒட்டிய ஷூ கிடைத்தால்

ஆம்பூர் பக்கத்தில் ஏற்றுமதி மிச்சம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கொண்டுவந்த விதிப்படி, அங்கே விற்கும் காலணியில் மேற்பகுதி, லைனிங், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் படக்குறியோ எழுத்தில் குறிப்போ போட வேண்டும். முழுத் தோலை விரித்த வடிவம் என்றால் தோல். அந்த வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுத் தோல். சாய்சதுரம் மட்டும் என்றால் வேறு பொருள், பி.யூ. இதில்தான் வரும். வலைப்பின்னல் வடிவம் துணி.

தோலுக்கும் பூச்சுத் தோலுக்கும் அந்த விதி போட்ட எல்லை 0.15 மில்லிமீட்டர். மேலே இருக்கும் பூச்சு அதற்குள் இருந்தால் தோல் என்றே சொல்லலாம். அதைத் தாண்டி, மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பூச்சுத் தோல் என்று சொல்ல வேண்டும். குறியில் ஒரு வரம்பும் உண்டு. மேற்பகுதியின் பரப்பில் குறைந்தது 80 சதவீதம் எதனால் ஆனதோ அதைத்தான் குறி சொல்கிறது. மிச்சப் பகுதி வேறாக இருக்கலாம். அந்த மிச்சம் மடியும் இடத்தில் விழுந்திருக்கிறதா என்பதைக் கட்டைவிரல்தான் சொல்லும்.

## ஏற்கெனவே வாங்கிவிட்டால்

உரிய ஆரம்பிக்காத சிந்தெடிக் ஷூவின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம். ஒரு நாள் போட்டால் மறுநாள் காற்றில் விட்டு, உள்ளே முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈரமானால் செய்தித்தாள் சுருட்டி உள்ளே வைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, பைக் பெட்டிக்குள்ளோ விடாதீர்கள். ஈரத்தோடு சூடு சேரும் இடம் அதுதான். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் தோலுக்கானது. பிளாஸ்டிக் படலத்துக்குள் அது இறங்காது, அதில் இருக்கும் கரைப்பான் படலத்துக்கு நல்லதும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உரிய ஆரம்பித்துவிட்டால் பசை வைத்து ஒட்டுவதில் பயனில்லை. பசைக்குப் பிடிமானம் தர வேண்டிய நுரையே பொடியாகிவிட்டது, ஒட்டிய செதிலுக்குப் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பும். உரிந்த இடத்தில் தெருமுனைத் தொழிலாளியிடம் சொல்லிப் புதுத் துண்டு வைத்துத் தைக்கலாம். அடிப்பாகம் நன்றாக இருந்தால் மட்டும் அந்தச் செலவு செய்யத் தகுந்தது. அப்படித் தைக்கக் கொடுக்கும்போது ரெக்சின் துண்டுக்குப் பதில் கழிவுத் தோலில் ஒரு துண்டு வைக்கச் சொல்லுங்கள்.